தீர்மானம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

எந்தச் சங்கத்தின் கூட்டமானாலும் பொருள் நிரலின் முதல் வரி ஒன்றுதான்: கடந்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைப் படித்து ஏற்பது. பெரும்பாலும் யாரும் அதைப் படிப்பதில்லை. "எல்லாருக்கும் அனுப்பியாச்சு, படித்ததாக எடுத்துக்கலாமா?" என்று செயலாளர் கேட்பார். நாலைந்து பேர் தலையாட்டுவார்கள். தலைவர் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து விழுந்தபிறகு, குறிப்பில் என்ன இருக்கிறதோ அதுதான் நடந்தது. கடன் உச்சவரம்பு எவ்வளவு என்று முடிவானது, யார் ஆட்சேபித்தார், எந்த வேலையை யார் எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் அதுவே சாட்சி. அந்த அறையில் பார்வையற்ற உறுப்பினர் ஒருவர் இருந்து, அவருக்கு வந்த கோப்பை அவருடைய கணினியால் படிக்க முடியாமல் போயிருந்தால், தான் படிக்காத ஒன்றைப் படித்ததாக அவரும் ஒப்புக்கொண்டவராகிவிடுகிறார்.

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பார்வையற்ற ஆசிரியர்கள் பலர் பணிபுரிகிறார்கள். மற்ற ஆசிரியர்களைப் போலவே அவர்களும் ஆசிரியர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்களில் உறுப்பினர்கள். மாதச் சம்பளத்தில் சந்தா பிடித்தம் ஆகிறது, கடன் வாங்குகிறார்கள், ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார்கள். பேரவைக் கூட்டத்தின் குறிப்பில் இருக்கும் ஒவ்வொரு தீர்மானமும் அவர்கள் சம்பளத்தைத் தொடுவது. ஆனாலும் குறிப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, "சார், அந்த நாலாவது தீர்மானத்தைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்று பக்கத்து இருக்கைக்காரரைத்தான் பலர் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் பன்னிரண்டு பக்கக் குறிப்பை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் தயாரித்தால் அவரே படிப்பார் என்று பார்ப்போம். இங்கே வரும் தேதிகளும் தொகைகளும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. கோளாறுகள் எல்லாம் அலுவலகங்களில் அன்றாடம் நடப்பவை.

ஸ்கிரீன் ரீடர் என்கிற திரைவாசிப்பான், கணினித் திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும் மென்பொருள். இலவசமாகக் கிடைப்பதும் நம் ஊரில் மிகுதியாகப் புழங்குவதும் என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் 2006இல் அதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே பிறகு சேர்ந்துகொண்டார். இருவரும் பார்வையற்றவர்கள். அதனுடன் வரும் குரல்களில் தமிழும் உண்டு. கைப்பேசியில் இதே வேலையை டாக்பேக் செய்கிறது. இந்த மென்பொருள்கள் பக்கத்தைப் பார்ப்பதில்லை. கோப்புக்குள் எழுத்தாகவும் அமைப்பாகவும் என்ன பதிந்திருக்கிறதோ அதை மட்டுமே எடுத்துச் சொல்கின்றன. ஒரு வரி தடித்த எழுத்தில் நடுவில் இருந்தால் நம் கண் அதைத் தலைப்பு என்று எடுத்துக்கொள்ளும். அது தலைப்பு என்று கோப்பில் எழுதப்படாதவரை திரைவாசிப்பானுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். இனி வரப்போகும் எல்லாச் சிக்கல்களும் இந்த ஓரிடத்திலிருந்து கிளம்புபவை.

முதலில் எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும்

ஆங்கிலத்தில் குறிப்பு எழுதுபவருக்கு இல்லாத ஒரு தடை தமிழில் இருக்கிறது. பல அலுவலகங்களில் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடக்கிறது. பழகிய கை, பழைய படிவங்கள், பக்கத்து டி.டி.பி. கடை என்று அதற்குக் காரணங்கள் உண்டு. இந்த எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழ் எழுத்தே கிடையாது. இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அவற்றின் மேல் தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கிறது. பாமினியில் "தீர்மானம்" என்று அடித்தால் கோப்பில் பதிவது இதுதான்:

```
jPu;khdk;
```

திரையில் அழகான தமிழ் தெரியும், அச்சிலும் அப்படியே வரும். திரைவாசிப்பான் மட்டும் உள்ளே இருப்பதைப் படிக்கும். பன்னிரண்டு பக்கமும் வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கோவையாகவே காதில் விழும். அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியலுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே நின்றால் அது ஒருங்குறி, அதாவது யூனிகோடு. ஆங்கிலக் கிறுக்கலாக மாறினால் பழைய எழுத்துரு. பார்த்தபிறகு மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடலாம். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியைத் தர நிர்ணயங்களில் ஒன்றாக அறிவித்துவிட்டது. விண்டோஸுடன் வரும் லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் ஒருங்குறியில் இயங்குபவைதான். தட்டச்சுப் பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய தட்டச்சு விசைப்பலகை அமைப்பிலேயே ஒருங்குறியில் அடிக்க உதவும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஏற்கெனவே பாமினியில் அடித்த குறிப்பை மாற்றிக் கொடுக்கும் நிரல்களும் உண்டு. அவை பெரும்பகுதியைச் சரியாக மாற்றிவிடும். ஆனால் மாற்றியதை அப்படியே அனுப்பக் கூடாது, குறிப்பாகப் பணத்தொகைகளை. பாமினியில் காற்புள்ளிக்கான விசையை அழுத்தினால் 'இ' வரும். உண்மையான காற்புள்ளிக்கு வேறு விசை. தட்டச்சர் எண்களை மட்டும் ஆங்கில எழுத்துருவுக்கு மாறி அடித்திருந்தால், மாற்று நிரல் அந்தக் காற்புள்ளியையும் 'இ' ஆக்கிவிடும். ரூ.2,45,000 என்பது ரூ.2இ45இ000 ஆகி நிற்கும். வங்கிக் கிளையின் குறியீடு, மின்னஞ்சல் முகவரி, ஆங்கிலத்தில் எழுதிய நிறுவனப் பெயர் எல்லாம் பொருளில்லாத தமிழாகிவிடும். ஆகவே மாற்றியபின் எண்களையும் ஆங்கிலச் சொற்களையும் தேடிப்பிடித்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும்.

இதே வகையில் இன்னொரு சின்ன விஷயம். வேர்டில் ஒவ்வொரு பகுதியும் எந்த மொழி என்று ஒரு குறிப்பு உள்ளே இருக்கும். தமிழில் எழுதிய பத்திக்கு ஆங்கிலம் என்ற குறிப்பு ஒட்டிக்கொண்டிருந்தால், மொழிக்கேற்பக் குரலை மாற்றும் திரைவாசிப்பான் அங்கே ஆங்கிலக் குரலை அழைக்கும். தமிழ் தெரியாத அந்தக் குரல் பேசாமலேயே கடந்துவிடக்கூடும். முழுவதையும் தேர்ந்தெடுத்து, Review பட்டியலில் Language என்ற இடத்தில் மொழியைத் தமிழ் என்று அமைத்துவிட்டால் போதும்.

தலைப்பு என்று கோப்பிலும் எழுதுவது

கூட்டக் குறிப்பை யாரும் கதை படிப்பதுபோல் முதல் வரியிலிருந்து படிப்பதில்லை. கடன் உச்சவரம்பு என்ன ஆயிற்று என்று தேடுவார்கள். கண்ணால் பார்ப்பவர் பக்கங்களைப் புரட்டி, தடித்த எழுத்துகளில் பார்வையை ஓட்டி அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார். தலைப்பு அமைப்பு இல்லாத கோப்பில் காதால் படிப்பவருக்கு அந்தப் புரட்டல் இல்லை. சங்கத்தின் பெயர், பதிவு எண், முகவரி, வருகை தந்தோர் பட்டியல் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வர வேண்டும். நம் குறிப்பின் முதல் மூன்று பக்கமும் கையெழுத்திட்ட உறுப்பினர்களின் பெயர்கள்தான். நாலாவது தீர்மானம் எட்டாம் பக்கத்தில் இருக்கிறது.

இதற்கு வேர்டிலேயே வழி இருக்கிறது. தலைப்பு வரியில் நின்று Ctrl+Alt+1 அழுத்தினால் அது முதல்நிலைத் தலைப்பு ஆகும். Ctrl+Alt+2 இரண்டாம் நிலை, Ctrl+Alt+3 மூன்றாம் நிலை. அதன் நிறமும் அளவும் பிடிக்கவில்லையென்றால் Styles பெட்டியில் அந்தத் தலைப்பின்மேல் வலச்சொடுக்கி Modify கொடுத்து ஒருமுறை மாற்றினால் எல்லாத் தலைப்புகளும் மாறிவிடும். கேட்பவர் பக்கத்தில் என்ன நடக்கிறது? அவர் என்விடிஏவின் உலாவும் நிலைக்குப் போய், H என்ற விசையை அழுத்துகிறார். அடுத்த தலைப்பு. மறுபடி H, அதற்கடுத்தது. 2 என்ற எண்ணை அழுத்தினால் இரண்டாம் நிலைத் தலைப்புகளில் மட்டும் தாவுகிறார். ஆவணத்தின் எல்லாத் தலைப்புகளையும் ஒரே பட்டியலாக வரவழைத்து, அதிலிருந்து நேரே குதிக்கவும் முடியும்.

நிலைகளை அடுக்கும்போது குறிப்பின் இயல்பான கட்டமைப்பையே பின்பற்றலாம். "பேரவைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, 14 செப்டம்பர் 2025" என்பது முதல்நிலை. அது ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒவ்வொரு பொருளும் இரண்டாம் நிலை. அதற்குள் விவாதம், தீர்மானம் இரண்டும் மூன்றாம் நிலை. எழுத்து சிறிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டாம் நிலையை விட்டுவிட்டு நேரே மூன்றுக்குப் போகக் கூடாது. நடுவில் ஒரு பகுதியைத் தவறவிட்டோமோ என்று கேட்பவர் திரும்பிப் போய்த் தேடுவார்.

தலைப்பின் சொற்களையும் கொஞ்சம் யோசித்து எழுத வேண்டும். நம் ஊர்க் குறிப்புகளில் "பொருள் 4" என்று மட்டும் போட்டு, அது என்ன பொருள் என்பதைக் கீழே பத்தியில் எழுதுவது வழக்கம். கண்ணுக்கு இரண்டும் ஒருசேரத் தெரிவதால் குறை தோன்றாது. தலைப்புகளில் மட்டும் தாவிக்கொண்டு வருபவரின் காதில் பொருள் 1, பொருள் 2, பொருள் 3 என்றே விழும், ஒன்றும் பிடிபடாது. "பொருள் 4: சாதாரணக் கடன் உச்சவரம்பை உயர்த்துதல்" என்று தலைப்பிலேயே எழுதிவிட்டால் இரண்டாம் முறை தேட வேண்டியதில்லை. வருகைப் பட்டியலை இணைப்பாகக் கடைசிக்கு அனுப்பிவிட்டு, தொடக்கத்தில் "வருகை தந்தோர் 142 பேர், குறைவெண் நிறைவானது" என்று ஒரு வரி போட்டால், கண்ணால் படிப்பவருக்கும் நிம்மதி.

தேதியை 14.9.2025 என்று எழுதாமல் மாதத்தின் பெயரோடு எழுதியதற்கும் காரணம் உண்டு. புள்ளியிட்ட தேதியைச் சில குரல்கள் தசம எண் போலப் படித்துவிடும். மாதத்தைப் பெயராக எழுதினால் எந்தக் குரலும் தடுமாறாது.

அட்டவணையில்தான் பெரிய சிக்கல்

குறிப்பின் உயிர்நாடி பெரும்பாலும் அட்டவணைகளில் இருக்கும். வரவு செலவு, கடன் நிலுவை, யார் எந்த வேலையைச் செய்வது. இங்கே நிதானமாகப் போக வேண்டியிருக்கிறது.

மோசமான நிலை, அட்டவணையே இல்லாத அட்டவணை. இடைவெளி விசையாலும் டேப் விசையாலும் சொற்களைத் தள்ளித் தள்ளி வரிசை கட்டியிருப்பார்கள். கேட்பவருக்கு அது "கணினி பழுது நீக்கம் செயலாளர் அக்டோபர் 10" என்று ஒரே மூச்சில் வரும் வாக்கியம்; எது எந்தப் பத்தி என்று பிரித்தறிய வழியில்லை. Insert பட்டியலில் உள்ள Table வழியாகப் போட்டால்தான் அது கோப்புக்குள் அட்டவணை. அப்படிப் போட்டால் T விசையால் நேரே அட்டவணைக்குத் தாவலாம், Ctrl+Alt உடன் அம்புக்குறிகளை அழுத்திக் கட்டம் கட்டமாக நான்கு பக்கமும் நகரலாம்.

நகரும்போது திரைவாசிப்பான் கட்டத்தில் இருப்பதை மட்டும் சொல்வதில்லை. வலப்பக்கம் நகர்ந்தால் அந்தப் பத்தியின் தலைப்பையும், கீழே நகர்ந்தால் அந்த வரிசையின் தலைப்பையும் சேர்த்துச் சொல்லும். அண்மைக்கால விண்டோஸிலும் வேர்டிலும் என்விடிஏ முதல் வரிசையைப் பத்தித் தலைப்பாகவும், முதல் பத்தியை வரிசைத் தலைப்பாகவும் தானாகவே எடுத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் நம் அலுவலக வழக்கம் இதோடு இரண்டு இடங்களில் மோதுகிறது.

முதல் மோதல், மேல் வரிசை. "2024-25ஆம் ஆண்டின் நடவடிக்கை எடுக்க வேண்டிய பணிகள்" என்று அட்டவணையின் முதல் வரிசையை முழு அகலத்துக்கும் இணைத்து ஒரே கட்டமாக்கி, அதில் தலைப்பை எழுதுவோம். அதற்குக் கீழேதான் பணி, பொறுப்பு, கெடு என்ற உண்மையான தலைப்புகள் வரும். திரைவாசிப்பானுக்கு முதல் வரிசையே தலைப்பு என்பதால், பத்தி மாறும்போது இந்த நீண்ட சொற்றொடர் குறுக்கிடக்கூடும். "பொறுப்பு" என்ற சொல்லோ வராது. அட்டவணையின் பெயரை அட்டவணைக்கு வெளியே, மேலே ஒரு தனி வரியாக எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

இரண்டாவது மோதல், வ.எண். எந்த அட்டவணையானாலும் முதல் பத்தி வரிசை எண்ணாகவே இருக்க வேண்டும் என்பது நமக்கு எழுதப்படாத சட்டம். பொறுப்புப் பத்தியில் கீழே இறங்கி வருபவருக்கு என்ன கேட்கும்? "1, செயலாளர். 2, பொருளாளர். 3, செயலாளர்." மூன்றாவது எந்த வேலை என்று தெரிய இடப்பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும். பணியின் பெயரை முதல் பத்தியில் வைத்தால், "தணிக்கை அறிக்கை அனுப்புதல், பொருளாளர்" என்று ஒரே நகர்வில் முழுச் செய்தியும் கிடைக்கும். எண் அவசியம் என்றால் அதைக் கடைசிப் பத்திக்குத் தள்ளலாம், அல்லது "2. தணிக்கை அறிக்கை அனுப்புதல்" என்று பணியின் பெயரோடே சேர்த்து எழுதலாம். இந்த ஒரு மாற்றத்துக்குத்தான் அலுவலகங்களில் மிகுந்த எதிர்ப்பு வரும். பலன் மிகுதியாகக் கிடைப்பதும் இதில்தான் என்பது என் கருத்து.

அடுத்தது மேற்படிக் குறி. மேல் கட்டத்தில் இருந்ததே கீழேயும் என்றால் இரண்டு சிறு கோடுகளைப் போட்டுவிடுவோம், அல்லது "மேற்படி" என்று எழுதுவோம். ஆறாவது வரிசையில் நிற்பவருக்கு மேற்கோள் குறி என்று கேட்கும், அல்லது ஒன்றுமே கேட்காது. "மேற்படி" என்றால் எது என்று தெரிய மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். அங்கேயும் மேற்படி இருக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் முழு விவரத்தையும் எழுதுவதே சரி. அதேபோல் காலியாக விட்ட கட்டம் கேட்பவரைக் குழப்பும்: தொகை இல்லையா, எழுத மறந்துவிட்டார்களா? "இல்லை" என்றோ "0" என்றோ எழுதிவிட வேண்டும்.

இணைத்த கட்டங்களைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். "கட்டட நிதி" என்று இடப்பக்கம் ஒரு பெரிய கட்டம், அதற்கு எதிரே மூன்று சிறு வரிசைகள் என்ற அமைப்பு கண்ணுக்கு ஒழுங்காகத் தெரியும். நகர்ந்து வருபவருக்கோ இரண்டாம் வரிசையில் இடப்பக்கம் கட்டமே இருக்காது; தான் எந்தத் தலைப்பின்கீழ் நிற்கிறோம் என்பது போய்விடும். கட்டட நிதிக்கு ஒன்று, பொது நிதிக்கு ஒன்று என்று இரண்டு சிறிய அட்டவணைகளாகப் பிரித்துவிட்டால் சுகம்.

கடைசியாக ஒன்று. தலைப்பு வரிசையில் நின்று Layout பட்டியலில் Repeat Header Rows என்பதைத் தட்ட வேண்டும். அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பு அங்கும் அச்சாகும் என்பது வெளியே தெரியும் பயன். இந்த வரிசைதான் தலைப்பு என்பது கோப்பில் பதிவாகி, பி.டி.எஃப். ஆக்கும்போதும் கூடவே போகும் என்பது நமக்கு வேண்டிய பயன்.

எழுத்துருவின் வடிவம் யாருக்கு?

முழுதும் பார்வையற்றவருக்கு எழுத்துருவின் அழகு பொருட்டல்ல. எழுத்து ஒருங்குறியில் இருந்தால் போதும். ஆனால் சங்கத்தில் பார்வை மங்கலானவர்களும் இருப்பார்கள். உருப்பெருக்கியோடு படிப்பவர்கள், கேட்டுக்கொண்டே பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர்கள். அவர்களுக்கு வடிவம் முக்கியம். கோட்டின் தடிமன் ஒரே சீராக உள்ள எளிய எழுத்துரு, 14 புள்ளிக்குக் குறையாத அளவு, வரிகளுக்கிடையே ஒன்றரை மடங்கு இடைவெளி, இடப்பக்கம் மட்டும் சீராக்கிய பத்தி. இருபுறமும் நேராக இழுத்தால் நீண்ட தமிழ்ச் சொற்களுக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழுந்து, பெருக்கிப் பார்ப்பவரின் கண் வழிதவறும்.

அடிக்கோடு தமிழுக்குப் பொருந்தாது. கு, சு, து, ரு போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை அது வெட்டிக்கொண்டு போகும். சாய்வெழுத்தும் வேண்டாம். அழுத்தம் வேண்டிய இடத்தில் தடித்த எழுத்து போதும். பக்கத்தின் பின்னணியில் வெளிறிய சங்கச் சின்னத்தைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். நிலுவையில் உள்ளவற்றைச் சிவப்பில் காட்டியிருந்தால், "நிலுவை" என்ற சொல்லையும் அருகே எழுத வேண்டும். நிறம் காதுக்குக் கேட்காது.

பி.டி.எஃப். ஆக்கும்போது

வேர்டில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, கடைசிப் படியில் பாழாக்குவது மிக எளிது. குறிப்பை அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, கைப்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். டாக்பேக்குக்கு அது வெறும் படம். ஸ்கேன் செய்த பி.டி.எஃப்.பும் அதே கதைதான். அச்சிடும் கட்டளை வழியாக பி.டி.எஃப். எடுத்தால் எழுத்து இருக்கும், தலைப்பும் அட்டவணை அமைப்பும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். Save As கொடுத்து PDF தேர்ந்தெடுத்து, Options பெட்டியில் "Document structure tags for accessibility" என்பது தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துச் சேமிப்பதே முறை.

அதற்குப் பிறகும் தமிழுக்கு ஓர் இடர் காத்திருக்கிறது. பி.டி.எஃப். என்பது பக்கத்தின் தோற்றத்தைக் காப்பதற்காகப் பிறந்த வடிவம். அதில் எழுத்துகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்கப்படும். "கொ" என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பு முதலில் தெரிகிறது, பிறகு க, பிறகு கால். எழுதும் முறையில் ககரம் முதலில் வந்து, உயிர்க்குறி அதைப் பின்தொடர வேண்டும். பி.டி.எஃப்.பிலிருந்து எழுத்தைத் திரும்ப எடுக்கும்போது இந்த வரிசை குலைந்து, கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளக்கூடும். "கொள்கை", "செலவு", "மேலாளர்" போன்ற சொற்கள் உடைந்து ஒலிக்கும். சோதிப்பது எளிது: பி.டி.எஃப்.பைத் திறந்து கொம்பு நிறைந்த ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அவர் காதில் விழும்.

இதனால்தான் தமிழ்க் குறிப்புக்கு வேர்டு கோப்பையே அனுப்புங்கள் என்று சொல்கிறேன். பி.டி.எஃப். வேண்டுமானால் கூடவே போகட்டும். வேர்டு கோப்பை யாராவது திருத்திவிட்டால் என்ன செய்வது என்று செயலாளர்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கு விடை, அதிகாரபூர்வமான பிரதி கையெழுத்திட்ட மினிட் புத்தகத்தில் இருப்பதுதான். அனுப்பும் கோப்பு வாசிப்புப் பிரதி. கோப்பின் முதல் பத்தியிலேயே அப்படி ஒரு வரி எழுதிவிடலாம். கையெழுத்துகளின் படத்தை ஒட்டுவதற்குப் பதிலாக, யார் யார் என்று கையெழுத்திட்டார்கள் என்பதைப் பெயரும் பதவியுமாகத் தட்டச்சு செய்ய வேண்டும்.

அனுப்பும் முன் வேர்டின் Review பட்டியலில் உள்ள Check Accessibility ஒருமுறை ஓடட்டும். இணைத்த கட்டம், தலைப்பு வரிசை இல்லாத அட்டவணை, விளக்கம் எழுதாத படம் போன்றவற்றை அது சுட்டும். பாமினி எழுத்துருவை அது கண்டுபிடிக்காது. "பொருள் 4" என்ற வெற்றுத் தலைப்பையும் கண்டுபிடிக்காது. அதன் கணக்கில் அது சரியான தலைப்பு. View பட்டியலில் Navigation Pane திறந்தால் இடப்பக்கம் தலைப்புகள் வரிசையாக நிற்கும். அந்தப் பட்டியலை மட்டும் படித்துக் கூட்டத்தில் என்னென்ன பேசினார்கள் என்று புரிகிறதா என்று பார்க்கலாம். அதன்பின் என்விடிஏவை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, மூன்று கேள்விகளுக்கு விடை தேடிப் பார்ப்பது நல்லது. கடன் உச்சவரம்பு எவ்வளவு ஆயிற்று? தணிக்கை அறிக்கையை அனுப்ப வேண்டியவர் யார்? அடுத்த கூட்டம் எப்போது? முதன்முறை பழகுபவருக்கு நேரம் பிடிக்கும். ஆனால் எந்தக் கட்டத்தில் குரல் தடுமாறுகிறது, எந்தத் தொகையைக் காற்புள்ளி காற்புள்ளியாகப் பிய்த்துச் சொல்கிறது என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியும்.

புதிய குறிப்புகளுக்கு இவ்வளவும் செய்துவிடலாம். பழைய மினிட் புத்தகங்களை என்ன செய்வது? அச்சிட்ட தமிழைப் படத்திலிருந்து எழுத்தாக்கும் நிரல்கள் இன்று ஓரளவு நன்றாகவே வேலை செய்கின்றன. வேகமாக எழுதிய கையெழுத்தை, அதுவும் ஓரங்களில் அடித்தல் திருத்தலோடு இருப்பதை, அவற்றிடம் நம்பி ஒப்படைக்க முடியாது. இருபது முப்பது ஆண்டுப் புத்தகங்களை முழுவதும் தட்டச்சு செய்ய எந்தச் சங்கத்திலும் ஆள் இல்லை. அதற்குத் தேவையும் இல்லை என்று நினைக்கிறேன். இன்றும் நடைமுறையில் இருக்கும் தீர்மானங்களை மட்டும் எடுத்து ஒரே வேர்டு கோப்பாக்கலாம்: கடன், ஜாமீன், சந்தா, குடும்பநல நிதி என்று பொருள்வாரியாகத் தலைப்புகள், ஒவ்வொரு தீர்மானத்துக்கும் அது நிறைவேறிய தேதி, மினிட் புத்தகத்தின் எண், பக்க எண். புதிய தீர்மானம் ஒன்று பழையதை மாற்றினால் அதே இடத்தில் சேர்த்துக்கொண்டே வரலாம். எந்தத் தலைப்பிலிருந்து தொடங்குவது என்பதைச் சங்கத்தில் உள்ள பார்வையற்ற உறுப்பினரிடம் கேட்டு முடிவு செய்யலாம். ஜாமீன் விதிகளை முதலில் கேட்கிறவர்கள் இருப்பார்கள், ஏனென்றால் படித்துப் பார்க்க முடியாமலேயே அவர்கள் கையெழுத்திட்ட பத்திரம் அதுதான்.